கேட்பதை நிறுத்தியும் பயம் ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு 33 வயது. திருமணமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. மனைவி அன்பானவர், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவர் கொஞ்சம் அமைதியாக இருந்தாலே என்னை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் வந்துவிடும். “என் மேல கோபமா? ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்று கேட்பேன். “இல்லை” என்று சொன்னால் சற்று நேரம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் கேட்பேன். போன மாதம் ஒரு நாள், “இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது, என்னால முடியல” என்று அழுதுவிட்டார். அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருக்கிறாரா என்று பார்ப்பேன், முகத்தைப் பார்த்து நானே புரிந்துகொள்ளப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் பயம் குறையவில்லை, கூடியிருக்கிறது. இரவில் தூக்கமும் சரியாக இல்லை. கேட்டால் அவருக்குக் கஷ்டம், கேட்காவிட்டால் எனக்குக் கஷ்டம். நான் என்ன செய்வது?

பதில்: மனைவி அழுததைப் பார்த்த அன்றே ஒரு பழக்கத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை அதில் தெரிகிறது. ஆனால் வாய்தான் நின்றிருக்கிறது, கண்ணும் கையும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆன்லைனில் இருக்கிறாரா என்று பார்ப்பதும், முகத்தில் கோபம் தெரிகிறதா என்று தேடுவதும் அதே கேள்விதான். ஒரே வித்தியாசம், முன்பு “இல்லை” என்று சொல்ல ஒருவர் இருந்தார். இப்போது பதில் சொல்ல ஆளில்லாமல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பயம் கூடியதற்குக் காரணம் இதுதான். உங்கள் மனஉறுதியில் எந்தக் குறையும் இல்லை.

வாயால் கேட்பதை விட்டவர்களிடம் இந்த மறைமுகக் கேள்விகள் பல வேடத்தில் வருவதைப் பார்க்கிறேன். தேவையில்லாத நேரத்தில் “சாரி” சொல்வது அதில் ஒன்று. எதிரில் இருப்பவர் “எதுக்கு சாரி?” என்று சிரித்துவிட்டால் மனம் அமைதியாகும். “நான் இல்லாம இருந்தா உனக்கு நிம்மதியா இருக்கும்ல” என்று போகிற போக்கில் சொல்லி, அவர் மறுக்கிறாரா என்று காத்திருப்பது இன்னொன்று. வேண்டுமென்றே பேசாமல் இருந்து அவராக வருகிறாரா என்று பார்ப்பது, பழைய மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் படிப்பது, அன்று காலை பேசியதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டி எந்த இடத்தில் குரல் மாறியது என்று ஆராய்வது, எல்லாமே உறுதி தேடுகிற வேலைதான். இதில் கடைசியாகச் சொன்னது மற்றவர் கண்ணுக்கே தெரியாது. அதனால் அதைச் செய்கிறவர்களும் “நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்” என்று நம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் பயிற்சிக்கு அது தேவை. பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்பவரின் அருகிலேயே இருக்கத் துடிப்பது பசியைப் போலவே பிறவியில் வருவது என்று எழுதினார். அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், ஒரு வயதையொட்டிய குழந்தைகளைத் தாயோடு ஓர் அறையில் விளையாட விட்டு, தாயைச் சில நிமிடங்கள் வெளியே போகச் சொல்லி, திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார். பல குழந்தைகள் அழுதன, தாய் தூக்கியதும் அடங்கின, மறுபடி விளையாடப் போயின. ஒரு சிறு பகுதிக் குழந்தைகளோ தாய் வந்த பிறகும் அடங்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டே தாயை உதைத்தன, இறக்கிவிட்டால் இன்னும் அழுதன. அம்மா இதோ இருக்கிறாள், ஆனாலும் போதவில்லை.

தாய் ஒரு சமயம் உடனே வருவதும் இன்னொரு சமயம் வராமல் போவதுமாக இருந்தால் இப்படி ஆகலாம் என்பது ஐன்ஸ்வொர்த்தின் விளக்கம். குழந்தையின் சுபாவத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதனால் உங்கள் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பெரியவர்களின் காதல் உறவிலும் இதே போக்குகள் தெரிவதாக எழுதினார்கள். அதில் உங்களைப் போன்றவர்களின் நிலையைப் பதற்றமான பிணைப்பு என்பார்கள். இது நோயின் பெயர் அல்ல. நெருங்கியவர் விலகுவது போன்ற சின்ன அறிகுறிக்கும் உடம்பு உடனே, பலமாகப் பதறிவிடுகிறது, பதறினால் எளிதில் அடங்குவதில்லை, அவ்வளவே. எல்லோரிடமும் இது கொஞ்சமாவது உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். மாறவே மாறாத விதியும் அல்ல.

சரி, கேட்டால் பத்து நிமிடத்தில் ஏன் மறுபடியும் கேட்கத் தோன்றுகிறது? அரிப்பைச் சொறிவது போலத்தான். சொறிந்த நொடியில் சுகம், அந்தச் சுகம்தான் கையை மறுபடி அங்கேயே கொண்டுபோகிறது. “கோபமில்லை” என்ற பதில் வந்ததும் பயம் சட்டென்று இறங்குகிறது. உங்கள் மூளை அதிலிருந்து “என் மனைவிக்குக் கோபமில்லை” என்று கற்றுக்கொள்வதில்லை. “நல்லவேளை, கேட்டேன், அதனால் தப்பித்தேன்” என்றுதான் கற்றுக்கொள்கிறது. கேட்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த அமைதி வரும்போது பயம் புதிதாக முதலிலிருந்து தொடங்குகிறது. இன்னொன்றும் நடக்கிறது. கேட்டு வாங்கிய பதிலை மனம் முழுசாக நம்பாது. “நான் கேட்டதால் சொன்னாள், தானாகச் சொல்லவில்லையே” என்று ஒரு குரல் உள்ளே வரும். அந்தப் பதிலுக்கு மேல் ஒரு பதில் வேண்டியிருக்கும். பதில் சொல்கிறவர் களைத்துப்போவார். களைத்த முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பயம் வரும். உங்கள் வீட்டில் போன மாதம் நடந்தது இதுதான்.

ஆக, வாயை மட்டும் கட்டுவது போதாது. உறுதி தேடும் எல்லா வழிகளையும் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தி, அந்தப் பயம் தானாக ஏறித் தானாக இறங்குவதை உடம்பு அனுபவிக்க வேண்டும். “கொஞ்ச நேரத்துக்கு” என்பதை அழுத்திச் சொல்கிறேன். இனிமேல் ஜென்மத்துக்கும் கேட்கவே மாட்டேன் என்ற சபதம் வேண்டாம். அது மூன்று வாரம் தாங்கும், நான்காவது வாரம் ஒரு நள்ளிரவில் மொத்தமாக வெடிக்கும்.

எப்படிச் செய்வது என்பதை ஒருவர் செய்த விதத்திலேயே சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பெண், முப்பதை நெருங்கும் வயது. கணவர் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாட்களில் மெசேஜ் அனுப்புவார். ஒரு மாலை 7.10-க்கு இவர் “இன்னைக்கு எப்போ வருவீங்க?” என்று கேட்க, “எட்டு மணி ஆகும்” என்று மட்டும் பதில் வந்தது. வழக்கமாகக் கூடவே ஒரு சிரிப்புப் படமோ செல்லப் பெயரோ இருக்கும். அன்று இல்லை. இவர் நெஞ்சு இறுகியது, உள்ளங்கை வியர்த்தது, விரல் அழைப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. வழக்கமாக இந்த இடத்தில் கூப்பிட்டு, “ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று கேட்பார்.

அன்று முதலில் செய்தது ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதியது. நடந்தது: “எட்டு மணி ஆகும் என்று பதில் வந்தது, படம் இல்லை.” மனம் சொல்வது: “அவருக்கு என் மேல் சலிப்பு வந்துவிட்டது, இன்று இரவு பேசாமல் படுத்துவிடுவார்.” செய்யத் தோன்றுவது: “கூப்பிட வேண்டும்.” பக்கத்தில் பயத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் போட்டார், 80. இரண்டாவது வரியில் அந்த “இன்று இரவு பேசாமல் படுத்துவிடுவார்” மிக முக்கியம். பயம் பொதுவாக “எல்லாம் முடிந்தது” என்று புகைமூட்டமாகத்தான் பேசும். அதைச் சரிபார்க்கக்கூடிய ஒரு கணிப்பாக இறக்கி எழுதினால்தான் பிறகு அது பலித்ததா இல்லையா என்று பார்க்க முடியும்.

அப்புறம் போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு முப்பது நிமிடத்துக்கு டைமர் வைத்தார். அதற்குப் பிறகும் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடலாம் என்பது ஒப்பந்தம். இந்த அனுமதி இல்லாவிட்டால் மனம் மூச்சுமுட்டும். ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விட்டார். உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் நான்கு வரை எண்ணி, வெளியே விடும்போது ஆறு அல்லது ஏழு வரை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், உடம்புக்கு அது உதவும். ஆனால் பயத்தை விரட்டுவதற்கு என்று இதைச் செய்யக் கூடாது, “இன்னும் போகவில்லையே” என்று அதையும் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். பயம் இருக்கட்டும், அதோடு உட்கார உடம்பு கொஞ்சம் தளரட்டும். பிறகு எழுந்து துவைத்த துணிகளை மடித்தார். கைக்கு வேலை இருக்க வேண்டும், கண்ணுக்குத் திரை கூடாது.

7.20-க்கு மதிப்பெண் 85. குறையவில்லை, ஏறியது. பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். “பார், பலனில்லை” என்று போனை எடுத்துவிடுவார்கள். உறுதி தேடும் வழியை அடைத்தால் பயம் முதலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அது வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி. 7.30-க்கு 70 ஆனது. 7.40-க்கு டைமர் அடித்தபோது 45. கூப்பிடலாம்தான், ஆனால் கூப்பிட வேண்டும் என்ற அவசரம் போய்விட்டிருந்தது. எட்டு மணிக்குக் கணவர் வந்தார். பல் வலி, காலையிலிருந்தே. பேசிக்கொண்டேதான் படுத்தார்கள். அந்தத் தாளின் கீழே நான்காவது வரியாக “பேசினோம்” என்று எழுதினார்.

அந்த அரை மணி நேரத்தில் அவர் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். “அவர் என்னை விட்டுப் போகமாட்டார், என் மேல் அன்பாகத்தான் இருக்கிறார்” என்று சொல்லிக்கொள்ளவில்லை. முதல் சில நாட்கள் அப்படித்தான் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. அது உறுதியை வெளியே கேட்பதற்குப் பதிலாக உள்ளே கேட்பது. “நிச்சயமா?” என்று மனம் உடனே எதிர்க்கேள்வி போடும், நீங்கள் வாதாடிக்கொண்டே இருப்பீர்கள். பிறகு அவர் பழகிக்கொண்ட வாக்கியம் வேறு: “அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியாது. தெரியாமலேயே எட்டு மணி வரை இருக்க என்னால் முடியும்.” முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பயிற்சியில் உண்மையாகிறது. உங்களுக்கும் இதே மாதிரி ஒரு வாக்கியம் வேண்டும், உங்கள் சொந்தப் பேச்சில்.

இன்னொரு மாலையையும் சொல்ல வேண்டும், என் கணக்கில் அதுதான் அவருக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அன்றும் இதே போலக் குறுகிய பதில், இதே மூன்று வரிகள், இதே அரை மணி. கணவர் வந்தார், உண்மையிலேயே கோபமாக இருந்தார். முக்கியமான ஒரு செய்தியை அவரிடம் சொல்ல இவர் மறந்திருந்தார், அதனால் அவருக்கு வேலையிடத்தில் சிக்கல். “ஆமா, கோபமாத்தான் இருக்கேன். இப்ப பேசினா கத்துவேன், நாளைக்குப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். கணிப்பு பலித்தது, பேசாமல் படுத்தார். ஆனால் காலையில் எழுந்தார், பேசினார்கள், இவர் மன்னிப்புக் கேட்டார், விஷயம் முடிந்தது. அதுவரை இவர் மனதில் கோபம் என்றால் பிரிவு என்று இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. “கோபமில்லை” என்ற பதிலை நூறு தடவை வாங்கியிருந்தாலும் அந்த ஒட்டு பிரிந்திருக்காது. ஒரு தடவை உண்மையான கோபம் வந்து, இருந்து, போனதைப் பார்த்தபோதுதான் பிரிந்தது. உங்கள் மனைவிக்கும் உங்கள் மேல் சில நாள் கோபம் வரும், சலிப்பு வரும், உங்களைப் பற்றிய நினைப்பே இல்லாத மணி நேரங்களும் இருக்கும். அவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பதுதான் உறவு. அவர் மனம் எப்போதும் உங்களை நோக்கியே இருக்கிறதா என்று காவல் காப்பதை விட்டால்தான் அது கண்ணில் படும்.

நீங்கள் தொடங்கும்போது அரை மணி வேண்டாம், பத்து நிமிடம் போதும். ஒரு நாளில் வரும் எல்லாப் பயத்துக்கும் இதைச் செய்ய முயலவும் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆன்லைனில் பார்ப்பதை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் அது எண்ணக்கூடியது. கடைசியாக எப்போது வந்தார் என்ற விவரம் உங்கள் திரையில் தெரியாதபடி அமைப்பில் மாற்றிவிட்டால் பாதி வேலை குறையும். உங்களுடையதை மறைத்தால் அவருடையதும் உங்களுக்குத் தெரியாது. ஏன் மறைத்தீர்கள் என்று அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முகத்தைப் படிப்பதை விடுவது கடினம், அதை அப்புறம் பார்க்கலாம். படிக்கிறோம் என்று தெரிந்த கணத்தில் பார்வையை அவர் என்ன சொல்கிறார் என்பதன் பக்கம் திருப்பினால் போதும்.

சில இடங்களில் இது வழி தவறும். பத்து நிமிடத்தையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழித்து, டைமர் அடித்ததும் விசாரணைக்குக் கிளம்பினால் பயன் இல்லை. அந்தப் பத்து நிமிடமும் மனதுக்குள் காலைப் பேச்சை ஓட்டிக்கொண்டிருந்தாலும் பயன் இல்லை. அப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் “தேடுகிறேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும். இன்னொரு பள்ளம், கேட்காமல் இருக்கிறேன் பார் என்று விறைப்பாக ஆகிவிடுவது. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி, தூரமாக உட்கார்ந்து, அவராகக் கவனிக்கட்டும் என்று காத்திருப்பது. அது கேள்வியைவிடக் கனமான கேள்வி. மனைவிக்கு அது தண்டனையாகப் போய்ச் சேரும். காத்திருக்கும் நேரத்திலும் சாதாரணமாகப் பேசுங்கள், அந்த ஒரு கேள்வியை மட்டும்தான் ஒத்திவைக்கிறீர்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். கேட்டால் அவருக்குக் கஷ்டம், கேட்காவிட்டால் உங்களுக்கு என்று இரண்டே வழிகள் இருப்பதாக நினைக்கிறீர்கள். மூன்றாவது ஒன்று உண்டு, வேறு ஒன்றைக் கேட்பது. நெருக்கம் தேவைப்படுவது பலவீனம் அல்ல. 2006-இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், திருமணமான பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு மூளை காட்டும் பதற்றம் குறைந்தது. உறவு நன்றாக இருந்தவர்களிடம் இன்னும் அதிகமாகக் குறைந்தது. அந்தக் கணவர்கள் எந்த உறுதிமொழியும் தரவில்லை, கையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

“என் மேல கோபமா?” என்ற கேள்வி அவர் மனதைப் பற்றி ஒரு தீர்ப்புக் கேட்கிறது. ஒரே ஒரு பதில்தான் சரியான பதில், அதைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு. அதற்குப் பதிலாக, “இன்னைக்கு எனக்கு மனசு படபடன்னு இருக்கு. உன்னால ஒண்ணும் இல்ல. சாப்பிட்டப்புறம் பத்து நிமிஷம் பக்கத்துல உட்காரலாமா?” என்று கேட்டுப்பாருங்கள். உங்கள் நிலையை உங்களுடையது என்று சொல்கிறீர்கள், அவர் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றைக் கேட்கிறீர்கள், “இன்னைக்கு ரொம்பக் களைப்பா இருக்கு, நாளைக்கு உட்காரலாமா” என்று அவர் சொல்லவும் இடம் இருக்கிறது. கேட்பதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் முடியாது என்றால் நான் என்ன செய்வேன்? “உடைந்துபோவேன்” என்பது பதிலானால் இன்னும் நேரம் ஆகவில்லை, மூன்று வரியும் பத்து நிமிடமும் முதலில். “கொஞ்சம் வருத்தமாக இருக்கும், அப்புறம் நடந்துவிட்டு வருவேன்” என்றால் தாராளமாகக் கேளுங்கள்.

மனைவியோடு ஒரு தடவை உட்கார்ந்து பேச வேண்டும், பயம் இல்லாத ஒரு பொழுதில். மூன்று வாரமாக ஏன் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் அமைதியை அவர் விலகலாக நினைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அவரிடம் இரண்டு உதவி கேட்கலாம். தனிமை தேவைப்படும்போது சொல்லாமல் அமைதியாகிவிடாமல், “ஒரு மணி நேரம் தனியா இருக்கணும், அப்புறம் வரேன்” என்று முன்கூட்டியே சொல்வது ஒன்று. கேட்காமலே வரும் தகவல் பயத்தைத் தீனி போட்டு வளர்க்காது. மற்றது, நீங்கள் பழக்கத்தில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுவிட்டால் அவர் என்ன சொல்ல வேண்டும் என்பது. கேட்டுவிடுவீர்கள், அது நடக்கும். “இல்லப்பா, கோபமில்ல” என்று பழைய பதிலையே சொல்லாமல், எரிச்சலும் படாமல், “கஷ்டமா இருக்குன்னு தெரியுது. உன்னால தாங்க முடியும்” என்று மட்டும் சொல்லலாம். அந்த வாக்கியத்தை இருவரும் சேர்ந்து முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அவராகவே ஒரு நாள் இப்படிச் சொல்லத் தொடங்கினால் உங்களுக்கு அது கைவிட்டது போலத்தான் கேட்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பயமும் இந்த வகை அல்ல. கூட இருப்பவர் நாள்கணக்கில் பேசாமல் இருந்து தண்டிக்கிறார், சண்டை வந்தால் விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறார், திரும்பத் திரும்பப் பொய் சொல்கிறார், கை ஓங்குகிறார் என்றால் அங்கே பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அதை அடக்கப் பயிற்சி தருவது தவறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. எழுதிவரும் தாள்களே காட்டிக்கொடுக்கும். ஒரு மாதத் தாள்களில் கணிப்புகள் பெரும்பாலும் பொய்த்திருந்தால், அல்லது கோபம் வந்து போயிருந்தால், நாம் பேசுவது இந்தப் பழைய பயத்தைப் பற்றி. பெரும்பாலும் பலித்திருந்தால் பேச வேண்டிய விஷயம் உறவைப் பற்றியது. இந்தப் பயம் முந்தைய உறவுகளிலும் நெருங்கிய நட்புகளிலும் கூடவே வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்ப்பதும் உதவும்.

முதலில் எது மாறும் என்று எதிர்பார்க்கலாம்? பயம் வருவது உடனே நிற்காது. வந்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முதலில் குறையும், பிறகு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது, கடைசியாகத்தான் எத்தனை தடவை வருகிறது என்பது. “இன்றும் வந்துவிட்டதே” என்று எண்ணினால் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாது, 80-லிருந்து 45-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள். உடம்பு சரியில்லாதபோதும் வேலைச் சுமை கூடும்போதும் பழையபடி ஏறும். அப்போது பத்து நிமிடத்துக்கே திரும்பிப் போனால் போதும்.

தூக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். தூக்கம் குறைந்த மனதுக்கு எல்லா முகமும் கோபமாகத் தெரியும், அதனால் மேலே சொன்ன எதுவும் தூக்கமில்லாமல் சரியாக நடக்காது. இரவு படுத்த பிறகு உறவைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை, எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோன்றுவதை ஒரு வரி எழுதிவிட்டுக் காலைக்குத் தள்ளுங்கள், போன் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டாலோ, வேலையில் மனம் செல்லாவிட்டாலோ, சந்தேகங்கள் நாளில் பல மணி நேரத்தைத் தின்றாலோ ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். பதற்ற நோய், மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் இவற்றில் ஏதாவது கூடவே இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே மனைவியிடம் சொல்லி, அன்றே மருத்துவரிடம் போங்கள். மனைவியும் வரத் தயாராக இருந்தால் இருவரும் சேர்ந்து தம்பதியர் ஆலோசனைக்குப் போகலாம். போகும்போது நீங்கள் எழுதிய தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள், ஆலோசகருக்கு முதல் சந்திப்பிலேயே பாதி விஷயம் அதில் புரிந்துவிடும்.